செயலாளர் பதவிக்கு நான் எழுதிய விதி

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடிக்குக் குடிவந்த நாளிலிருந்தே மேல்வீட்டுக்காரரை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. கரவெட்டிக்காரர், ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். அவர் படியிறங்கினால் ஆட்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். யாழ்ப்பாணக் கச்சேரியில் அரசாங்கத் தலைமை எழுதுவினைஞனாக இருந்த எனக்கு ஒரு குஞ்சும் ஒதுங்காது. பொறாமைதான், இதற்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியாது.

வீட்டு உரிமையாளர் சங்கம் தொடங்கத் தீர்மானித்தபோது, முதலாவது பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை நான்தான் எழுதினேன். தேவாரம், தற்காலிகத் தலைவர் தெரிவு, சங்க விதிகளான யாப்பை ஏற்றல், நிர்வாகிகள் தெரிவு, பராமரிப்புக் கட்டணம், பிற விடயங்கள். செயலாளர் நான் என்று மனதுக்குள் முடிவுகட்டியாயிற்று. ஆனால் அந்தப் பதவியில் மேல்வீட்டுக்காரருக்கும் ஒரு கண் என்று காதில் விழுந்தது. அவருடைய வீடு கனடாவிலிருக்கும் மகனின் பெயரில். ஆகவே யாப்பின் வரைவில் ஒரு விதியைச் சேர்த்தேன்: வீட்டின் உறுதிப் பத்திரத்தில் பெயருள்ளவர், அல்லது அவரிடம் எழுத்தில் அதிகாரம் பெற்றவர் மட்டுமே வாக்களிக்கலாம், பதவிக்கு நிற்கலாம். வீட்டுக்கு ஒரு வாக்கு.

கார் நிறுத்துமிடத்தில் கதிரைகள் போட்டுக் கூட்டம் நடந்தது. ஒரு வயதான டொக்டர் தற்காலிகத் தலைவர். கூட்டறிக்கை எழுதுபவன் நான். என் விதி ஏகமனதாக நிறைவேறியது. உடனே மேல்வீட்டுக்காரர் பையிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்து நீட்டினார். வீடு வாங்கும்போதே, தன் சார்பில் எல்லாம் செய்ய மகன் எழுதிக்கொடுத்த அற்றோணிப் பத்திரம்.

என்னை ஒருவர் முன்மொழிந்தார். டொக்டர் உரிமையாளர் பட்டியலைப் பார்த்தார்.

"உங்கடை வீடு ஆற்றை பேரிலை?"

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சீதன வீட்டை விற்றுத்தான் இதை வாங்கினோம். இதுவும் மனைவியின் பெயரில்தான். இத்தனை காலமும் என் வீடு, என் வீடு என்று சொல்லிச் சொல்லி, விதியை எழுதும்போது அது என் நினைவிலேயே இல்லை.

"மனுசியின்ரை பேரிலை."

"அப்ப அவ எழுதித் தரவேணும்."

பின்வரிசையிலிருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் மேல்வீட்டுக்காரர் எழுந்துவிட்டார்.

"கடிதம் என்னத்துக்கு? உரிமையாளரே இருக்கிறா. அவவையே செயலாளரா முன்மொழியிறன்."

"சம்மதமோ?" என்று டொக்டர் அவளைக் கேட்டார்.

"ஓம்" என்றாள், என் பக்கம் பாராமலே.

முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் எல்லாவற்றையும் நானே என் கையால் எழுதினேன். அவள் முன்னே வந்து கையை நீட்டினாள். கூட்டறிக்கைக் கொப்பியையும் பேனாவையும் கொடுத்துவிட்டு, அவளிருந்த கதிரையில் போய் இருந்தேன். மேல்வீட்டுக்காரர் தலைவரானார். அவர் ஏதோ சொல்ல, அவள் சிரித்தபடி எழுதினாள். வீட்டில் நான் சொல்லி அவள் அப்படிச் சிரித்ததில்லை.

பராமரிப்புக் கட்டணம் வாக்குக்கு வந்தது. மற்றவர்களோடு நானும் கையைத் தூக்கினேன். அவள் வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு வந்து என்னிடம் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, கையை இறக்குங்கோ. எங்கடை வீட்டு வாக்கை நான் போட்டிட்டன்."