மூன்றாவது நிபந்தனைக்கு ஐந்துக்கு ஐந்து

யார் எதைச் செய்து காட்டினாலும் என் தலை தானாக ஆடும். மயிலாப்பூர் சபாக்களின் பின்வரிசையில் வளர்ந்த தலை. ராகம் தெரியாது, ஆடத் தெரியும். அந்தத் தலையோடு ஒரு சாஃப்ட்வேர் டெமோவுக்கு மார்க் போடப் போய், வேலை செய்யாத ஒன்றுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுத்தவன் நான்.

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு நான் மேனேஜர். பிளவுஸ் தைக்கக் கொடுப்பவர்களுக்காக அடையாறில் ஒரு குழு எங்களுக்கு ஆப் செய்துகொண்டிருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முடித்த வேலையை ஓட்டிக் காட்டுவார்கள். முன்பே பேசி எழுதிய நிபந்தனைகளோடு அதை ஒப்பிட்டு மார்க்கும் குறிப்பும் எழுதுவது என் பொறுப்பு. அன்று நான் சரி என்றால் திங்கட்கிழமை ஆப் கடைக்கு வந்துவிடும். தப்பு நடந்தால் திட்டு வாங்கப்போவது, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையல் கவுன்ட்டர் அம்மா.

மூன்றாவது நிபந்தனை: டெலிவரி தேதியை மாற்றினால் வாடிக்கையாளருக்குப் புதுத் தேதியோடு மெசேஜ் போக வேண்டும். குழுத் தலைவியான பெண் பன்னிரண்டைப் பதினைந்தாக மாற்றினாள். திரையிலும் பதினைந்து. தலை ஆடியது. ஐந்து. குறிப்பு: 'பிரமாதம்.' ஒன்றுமே குறை சொல்லாவிட்டால் கெத்து போய்விடுமே என்று கீழே, 'பச்சை பட்டன் ஒரு மாதிரி இருக்கு.'

அவள் தாளை வாங்கிப் படித்தாள். "சார், ஒரு மாதிரின்னா எந்த மாதிரி? இத வச்சு நாங்க என்ன மாத்துறது?"

நான் யோசிப்பதற்குள் கவுன்ட்டர் அம்மா தன் போனை நீட்டினார். டெமோவில் போட்டிருந்தது அவர் நம்பர். "இன்னாமா, எனக்கு வந்த மெசேஜ்ல பன்னெண்டுன்னுதானே கீது? கஸ்டமர் பன்னெண்டாந்தேதி வந்து நின்னா யாரு பதில் சொல்றது?"

மறுபடி மாற்றிப் பார்த்தோம். மறுபடி பன்னிரண்டு.

ஐந்தை அடித்து சைபர் போட்டேன். இந்தத் தடவை அந்தப் பெண் கேட்கக் கேட்க எழுதினேன்: 'சோதனை பில்லில் தேதியை 12லிருந்து 15க்கு மாற்றி சேவ் செய்தோம். மெசேஜில் 15 வர வேண்டும், 12 வந்தது. இரண்டு தடவையும் அப்படியே. போன் படம் இணைப்பு. இது சரியாகாமல் கடைக்கு வரக் கூடாது.' பச்சை பட்டன் நிபந்தனையிலேயே இல்லை. அதைத் தனித் தாளில், 'என் ஆசை, அவசரமில்லை' என்ற தலைப்பில் ஒதுக்கினோம்.

"இது போதும் சார், இப்பவே ஆரம்பிச்சிடலாம்" என்றாள்.

இரண்டு நாளில் சரிசெய்து கூப்பிட்டார்கள். தேதியை மாற்றினோம்; அம்மாவின் போனில் பதினைந்து வந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஐந்து போட்டேன்.

திரும்பும்போது ஆட்டோவில் அம்மாவிடம் கொஞ்சம் பெருமையாகவே, "எப்படி நம்ம மார்க்?" என்றேன்.

"இன்னிக்கிப் போட்டது மார்க்கு. அன்னிக்கி நீங்க போட்டது மொய் சார்."