கவிழ்ந்த தோணி போல

பூதப்பாண்டி பக்கம் இருபது சென்டில் மிளகாய் போட்டிருந்தாள் பூங்கனி. நாற்பத்தாறு வயது. கணவன் இறந்தபிறகு தனியாளாக நின்று செய்த விவசாயம். நட்டு நாற்பதாம் நாள் கொழுந்து சுருங்கத் தொடங்கியது.

உரக்கடை முருகதாஸ் செல்போனில் இருந்த படத்தைப் பாதிதான் பார்த்தான்.

"இலைப்பேனாக்கும். இந்த மருந்த அடிங்க."

"பேன்னா ஓரம் மேல சுருளும்லா? இது கீழ மடங்குதே."

"எக்கா, நான் இருவது வருசமா கடை நடத்துகேன்."

அவள் அடித்தாள். செடி இன்னும் குறுகியது. தோட்டக்கலை அலுவலரின் எண்ணுக்குப் படம் அனுப்பினாள். அவர் மாற்றலாகிப் போயிருந்தார், பதில் வரவில்லை. அதனால் ஸ்டுடியோவில் மூன்று படங்களை அச்சுப் போட்டு, அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள்.

"ஐயா, முதல் படம் மேலிருந்து எடுத்தது. இரண்டாவது இலையின் அடிப்பக்கம். ஓரங்கள் கீழ்நோக்கி மடங்கி, கவிழ்த்துப் போட்ட தோணி போல இருக்கிறது. மூன்றாவதில் இலைக்காம்பு நீண்டிருப்பதைப் பாருங்கள். படத்தில் தெரியாத ஒன்று: செடியை உலுக்கினால் வெள்ளை ஈ பறக்கவில்லை. பேன் மருந்து அடித்தும் சுருக்கம் கூடுகிறது. வேறு பூச்சியா என்று சொல்லுங்கள்."

கடிதம் முதலில் தவறுதலாக வேளாண்மை அலுவலகத்துக்குப் போய், அங்கே கிடந்து, தோட்டக்கலைக்கு வந்து சேர இருபத்திரண்டு நாள் ஆனது. அதற்குள் முருகதாஸ் இரண்டாவது மருந்தும் கொடுத்திருந்தான்.

புதிதாக வந்திருந்த உதவி அலுவலர் ரெஜிஷா கடிதம் கையில் கிடைத்த அன்றே வயலுக்கு வந்தாள். ஒரு கொழுந்தைக் கிள்ளிப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள்.

"அக்கா, இது பேன் இல்ல, வெறுங்கண்ணுக்குத் தெரியாத சிலந்தி. மஞ்சள் முரணைச் சிலந்தி. நீங்க எழுதினது அப்படியே சரி. தொடக்கத்துல நனையும் கந்தகம் அடிச்சிருந்தா நின்னிருக்கும்."

"இப்ப?"

ரெஜிஷா வரிசைகளைப் பார்த்தாள். பூவெல்லாம் உதிர்ந்திருந்தது.

"இனி கஷ்டம் அக்கா."

மறுநாள் பூங்கனி செடிகளைப் பிடுங்கி எரித்தாள்.

அடுத்த மாதம் விவசாயிகள் பயிற்சிக் கூட்டம். மேலதிகாரி ஒருவர் அவளுடைய கடிதத்தைத் திரையில் பெரிதாகக் காட்டினார். பெயரை மறைத்திருந்தார்கள். "பூச்சியைப் பற்றி இப்படித்தான் எழுத வேண்டும். அடிப்பக்கம் படம் எடுத்திருக்கிறார் பாருங்கள்" என்றார். கைதட்டினார்கள். முன்வரிசையில் முருகதாஸும் தட்டினான்.

ரெஜிஷா பின்வரிசையில் இருந்த பூங்கனியிடம் வந்து குனிந்தாள். "அக்கா, உங்க பேர நான் சொல்லட்டா?"

"வேண்டாம் மேடம். செடி இப்ப எப்பிடி இருக்குன்னு கேப்பாவ."

தேநீர் வருமுன்பே அவள் எழுந்து வெளியே வந்தாள். பேருந்தில் ஏறியபின்தான் அழுகை வந்தது.