மொட்டைமாடிக்கு வந்த கோபுரம்

எங்கள் அடுக்குமாடி சங்கத்துக்கு என்னைச் செயலாளராக்கியதற்கு ஒரே காரணம், பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் ஷிப்பிங் பேப்பர் பார்க்கிறவள், இங்கிலீஷ் படிப்பாள் என்பதுதான். அந்த வருடம் லிஃப்ட் முழுதாக நின்றுபோயிருந்தது. சங்கத் தலைவரின் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்ததால், ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மூன்றாவது மாடியிலிருந்து தூக்கி இறக்குவார்கள். ஒவ்வொரு படிக்கும் அந்த அம்மாள் கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

அந்தச் சமயத்தில்தான் செல்போன் கோபுரக் கம்பெனிக்காரர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை, கார் நிறுத்துமிடத்தில் கூட்டம். மாதா மாதம் வாடகை, மூன்று வருடத்துக்கு ஒருமுறை உயர்வு, முதலிலேயே முன்பணம் என்றார். லிஃப்டைப் புதிதாகவே போட்டுவிடலாம் என்று தலைவர் முகம் மலர்ந்தது.

"கட்டடம் தாங்குமாங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"என்ஜினியர் வந்து தூண் பலம் பாத்துச் சான்று குடுத்தாத்தானுங்க வேலையே ஆரம்பிப்போம். இடிதாங்கி, இன்சூரன்ஸ் எல்லாம் எங்க செலவு. ஜெனரேட்டர் கீழ நிக்கும், சத்தம் வராத பொட்டிக்குள்ள."

கடைசி மாடி அக்கா எழுந்து நின்றார். கோயமுத்தூரில் மார்புப் புற்றுநோய்க்கு மருத்துவம் முடிந்து வந்திருந்தவர். முடி அப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருந்தது.

"எங்கூட்டுக்கு நேர் மேலங்க. அந்தக் கதிரு எங்கள ஒண்ணும் பண்ணாதுங்களா?"

"நேர் கீழ ரொம்பக் கொறச்சலுங்க. ஆன்டெனா எதிர்ப்பக்கம் பாத்துத்தான் வீசும். அதும் நிர்ணயிச்ச அளவுக்குள்ளதான்."

"பண்ணாதுன்னு எழுதித் தருவீங்களா?"

கம்பெனிக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மொட்டைமாடி எல்லோருக்கும் பொது என்பதால் அத்தனை வீட்டுக்காரர்களும் கையெழுத்திட வேண்டும் என்று மட்டும் சொல்லி, வரைவு ஒப்பந்தத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

வரிவரியாகப் படித்தேன். கம்பெனி ஆட்கள் எந்த நேரமும் மாடிக்குப் போகலாம். சாவி ஒன்று அவர்களிடம் இருக்கும். காலம் பதினைந்து வருடம். மூன்று மாத நோட்டீஸில் அவர்கள் விலகிக்கொள்ளலாம். வாடகை ஒழுங்காக வரும்வரை நாங்கள் விலகச் சொல்ல முடியாது. போகும்போது கோபுரத்தைக் கழற்றிக்கொள்வார்கள் என்றிருந்ததே தவிர, எத்தனை நாளுக்குள் என்றோ, துளைபோட்ட தளத்தை ஒழுகாமல் யார் பூசித் தருவது என்றோ இல்லை. திருத்தம் கேட்டு எழுதினோம். பழுது இல்லாத நாளில் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவது, கழற்றி முடிக்கும்வரை வாடகை தருவது, தளத்தைச் சரிசெய்து ஒப்படைப்பது, மூன்றுக்கும் ஒத்துக்கொண்டார்கள். நாங்கள் விலகச் சொல்லும் உரிமைக்கு மட்டும் மசியவில்லை.

கடைசி மாடி அக்காவின் கையெழுத்து மட்டும் பாக்கி. ஒருநாள் மாலை தலைவர் என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். அவர் பேச்செடுக்கும் முன்பே அக்கா சொன்னார்.

"உங்கம்மாவத் தூக்கிட்டு எறங்கறத நானுந்தானுங்க பாத்துட்டிருக்கறேன். பேப்பரக் குடுங்க, போட்டர்றேன்." பேனாவைத் திறந்தவர் என் பக்கம் திரும்பினார். "ஏங்கண்ணு, நாளைக்கு எனக்கு மறுபடி ஏதாச்சும் வந்து, இதுதான் காரணம்னு பட்டா, எடுக்கச் சொல்லலாமல்ல?"

தலைவர் என்னையே பார்த்தார்.

"சொல்லலாங்க்கா. ஆனா அவங்க எடுக்கணும்னு இதுல இல்லீங்க."

அக்கா பேனாவை மூடிவைத்தார். "அப்ப வேண்டாங்க."

படியிறங்கும்போது தலைவர், "உங்களத் தெரியாமச் செயலாளராப் போட்டுட்டனுங்க," என்றார். கோபமாகக்கூட இல்லை, ஓய்ந்த குரலில்.

கம்பெனி சாலைக்கு எதிர்ப்புறக் கட்டடத்துக்குப் போனது. சில மாதங்களில் கோபுரம் எழுந்தது, அக்காவின் சமையலறை ஜன்னலுக்கு நேராக. நேர் கீழே இருப்பதைவிட எதிரே இருப்பதில்தான் கதிர் அதிகமோ என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அளந்து சொல்ல யாருமில்லை. அக்கா ஜன்னலை மூடியே வைத்தார். கையெழுத்துப் போட்டிருந்தால் பணமாவது வந்திருக்கும் என்று அவர் காதுபடவே சொன்னவர்கள் உண்டு. குழாயடியில் என்னிடம் பேச்சு குறைந்தது.

லிஃப்டுக்கு வீட்டுக்கு வீடு பங்கு பிரித்தோம். அது சேர்வதற்குள் தலைவரின் அம்மா இறந்துபோனார். உடலைக் கீழே கொண்டுவர வேண்டியிருந்தபோது, யாரும் கூப்பிடாமலே அக்காவின் கணவர் இறங்கி வந்து தலைமாட்டுப் பக்கம் பிடித்தார். தலைவர் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு, மறுபக்கம் தோள் கொடுத்தார். குறுகலான திருப்பங்களில் இருவரும் "மெதுவாங்க, மெதுவாங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்கள்.

அக்கா என் அருகில் நின்றார். நான் உண்மையைச் சொன்னது சரியா என்று அவரிடம் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.