ஒரே சாக்கு அரிசி

இலங்கையில் எண்பத்து மூன்றாம் ஆண்டு இனக் கலவரத்தில் வீடிழந்தவர்களுக்குச் சமைக்க, கல்யாணச் சமையல்காரர் பதுர்தீன் மாத்தளையில் அவர்கள் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஊரார் கொடுத்த புழுங்கலரிசியையும் பச்சரிசியையும் யாரோ ஒரே சாக்கில் கொட்டியிருந்தார்கள். பச்சரிசிக்கு அளவாகத் தண்ணீர் வைத்தால் புழுங்கல் வேகாது. புழுங்கலுக்கு வைத்தால் பச்சரிசி குழைந்துவிடும். கஞ்சியாக்கலாமென்றால், ஊற்றிக் குடிக்கக் கோப்பையில்லை, வாழையிலைதான் இருந்தது. பிரித்தெடுக்கவும் நேரமில்லை.

நடுவாகத் தண்ணீர் ஊற்றினார். மூடியைத் திறந்தபோது பாதி களியாகியிருந்தது. மீதி அரிசி உள்ளே வேகவில்லை.

“எத்தன கல்யாணத்துக்கு ஆக்கின கை இது. இத எப்பிடி உங்களுக்குப் போடுவன்?” என்றார்.

வரிசையில் பிள்ளையோடு நின்ற அழகம்மா இலையை நீட்டினாள். “போடுங்க, பதுர்தீன் நானா, புள்ள பசியில அழுவுது.”

அவர் நிமிர்ந்து பார்க்காமலே சோற்றை அள்ளி வைத்தார்.