நாலு டின்னுக்கு ஒரு டஜன்

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவள். கோர்வையாக எழுத வராது, முன்னே வரவேண்டியது பின்னே வரும். கொஞ்ச நாளாக மறதி வேறு. பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு எழும்பாது, அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குக் கல்யாணமாகி முக்கூடலுக்கு வந்தபோது சீமையில் பெரிய சண்டை இன்னும் ஆரம்பிக்கவில்லை. அதற்கு மூன்று நாலு வருஷம் இருக்கும். என் வீட்டுக்காரருக்குத் தகர வேலை. சீமெண்ணெய் வந்த காலி டின்னை வெட்டி, ஈயம் பற்றவைத்து, சின்னச் சின்ன விளக்குகள் செய்வார். கீழே எண்ணெய்க் குப்பி, மூடியில் ஒரு குழல், குழலுக்குள் திரி, அவ்வளவுதான். கண்ணாடி கிடையாது. புகை வரும், ஆனாலும் ஏழை வீட்டுக்குப் போதும். கொழுந்தனாரும் எங்களோடுதான் வேலை செய்தார். பழந்துணி கிழித்துத் திரி திரிப்பது என் வேலை. இப்போதும் ஈயம் காயும் வாடை எங்காவது வந்தால் அந்த வீட்டு முற்றம்தான் ஞாபகத்துக்கு வரும்.

செய்த விளக்கெல்லாம் கடைத்தெருவில் அண்ணாச்சி கடைக்குப் போகும். அவரிடம்தான் ஊரே சீமெண்ணெய் வாங்கும். பொம்பளைகள் கயிறு கட்டிய புட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். எண்ணெய் வாங்குகிறவள் விளக்கும் வாங்குவாள். எண்ணெய் ஓடினால் எங்கள் விளக்கு ஓடும், எங்களுக்கு வெட்டக் காலி டின்னும் கிடைக்கும். அந்த எண்ணெய்க்கு நாங்கள் ஒரு நாளும் கெடுதல் நினைத்ததில்லை.

எண்ணெய் முழுவதும் திருநெல்வேலியில் இருந்த ஒரே ஏஜெண்டிடமிருந்து வரும். இந்தப் பக்கத்தில் சீமெண்ணெய் என்றால் அவர்தான். வேறு ஆள் கிடையாது.

ஒரு வருஷம் கார் நெல் அறுப்பு சமயம். என் வீட்டுக்காரர் கொண்டுபோன விளக்குக் கூடையை அப்படியே திரும்பக் கொண்டுவந்தார். பின்னாலேயே அண்ணாச்சியும் வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"வே, கோவிச்சிக்கிடாதேயும்," என்றார் அண்ணாச்சி. "ஏஜெண்டு புதுசாச் சட்டம் போட்டிருக்காரு. நாலு டின் எண்ணெய் எடுத்தா ஒரு டஜன் சிமினி விளக்கு எடுக்கணுமாம். கண்ணாடி வச்ச சீமை விளக்கு. வேற ஆள் விளக்கு கடையில இருந்தா எண்ணெய் வண்டி நிக்காதாம்."

"வேற எங்கனயாவது எண்ணெய் எடுக்க வேண்டியதானே அண்ணாச்சி?"

"எங்கன இருக்குவே? நீரு ஒரு ஆளைக் காட்டும், இப்பவே எடுக்கேன்."

கொழுந்தனார் கோபக்காரர். "அப்ப நாளைக்கு அவரு வெளக்குமாறு எடுக்கச் சொன்னாலும் எடுப்பீயளோ?" என்று கேட்டார்.

"எடுக்கத்தாம்லே செய்வேன். எண்ணெய் இல்லன்னா கடையில ஈ ஓட்டணும். எடுத்து உம் முதுகுல ரெண்டு வைப்பேன்," என்று அண்ணாச்சி சிரித்தார். ஆனால் போகும்போது அவர் முகத்தில் சிரிப்பில்லை.

ஊரில் சிமினி விளக்கு வாங்கக்கூடியவர்கள் எத்தனை வீடு? பண்ணை வீடுகள், வாத்தியார் வீடு, கணக்கர் வீடு. அவர்கள் வாங்கி முடித்த பிறகும் ஏஜெண்டு வண்டி விளக்கை இறக்கிக்கொண்டே இருந்தது. அண்ணாச்சி என்ன செய்வார்? விளக்கைப் பாதி விலைக்குத் தள்ளினார். அதில் விட்டதை எண்ணெய் மேல் ஏற்றினார். பாதி விலைக்குக் கண்ணாடி விளக்கு கிடைக்கும்போது எங்கள் புகை விளக்கை யார் தொடுவார்கள்? அண்ணனும் தம்பியும் சந்தைக்குக் கூடை சுமந்து போய்ப் பார்த்தார்கள். போனது போலவே வந்தது.

அந்த நேரம்தான் கங்காணி ஊருக்குள் வந்தான். கொழும்புப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிப்பவன். மாசியில் பிசான நெல் அறுப்பு முடிந்ததும் தூத்துக்குடியில் கப்பல் ஏற்றுவதாகச் சொன்னான். கொழுந்தனார் உடனே பெயர் கொடுத்துவிட்டார். "ரெண்டு பேருமாப் போவோம்ணே. இங்கன தகரத்தைத் தின்னவா முடியும்?" என்று அண்ணனையும் இழுத்தார்.

 எனக்கு அப்போது வயிற்றில் நாலு மாதம். என் வீட்டுக்காரர் கத்தரிக்கோலையும் ஈயம் பற்றவைக்கிற இரும்பையும் மற்ற சாமான்களையும் எண்ணெய் தடவி ஒரு பெட்டியில் வைத்ததை நான் பார்த்தேன். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 

ஆற்றில் தண்ணீர் எடுக்கப் போகும்போதுதான் ஒன்று கவனித்தேன். புட்டியோடு கடைக்குப் போகிற பொம்பளைகள் குறைந்துபோனார்கள். அறுப்புக்கு வருகிற ஒருத்தியிடம் பையக் கேட்டேன்.

"எண்ணெய்க்கு அவரு கேக்குத வெலைக்கு நாங்க எங்கன போவ?" என்றாள் அவள். "பழையபடி இலுப்பெண்ணெய்தான் தாயி. அகலு ஒண்ணு கெடந்துது, அதும் போன வாரம் உடைஞ்சிபோச்சி. ஓலைக் குடிசைக்குள்ள மண்ணு அகலு வைக்கவே பயமா இருக்கு."

வீட்டுக்கு வந்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து சொன்னேன். "இலுப்பெண்ணெய்க்குத் தகரத்துல விளக்கு செஞ்சா என்னங்க? அதை அண்ணாச்சி கடையில வைக்கவே வேண்டாமே. நாமளே வித்துக்கிடலாம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மறுநாளே இருபது செய்தார். ஆனால் கை பழகின மாதிரியே செய்துவிட்டார். உயரமான குப்பி, அதன் மேல் மூன்று விரல் குழல். இலுப்பெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தோம். திரியில் நனைந்திருந்த எண்ணெய் தீரும்வரை நன்றாக எரிந்தது. பிறகு சிவந்து, கருகி, அணைந்தது. மறுபடி பற்றவைத்தோம், மறுபடியும் அணைந்தது. கொழுந்தனார் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அண்ணே, இது வெளக்கு இல்ல, ஊதுபத்தி!"

சீமெண்ணெய் தண்ணீர் மாதிரி, திரியில் சரசரவென்று ஏறிவிடும். இலுப்பெண்ணெய் கனம், அத்தனை உயரம் ஏறாது. அகலில் எண்ணெயும் சுடரும் எவ்வளவு கிட்டத்தில் இருக்கின்றன என்று தினம் பார்க்கிற எனக்கே அது அப்போதுதான் உறைத்தது. வாயால் சொல்லக் கூச்சம். ஒரு அகலை எடுத்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

தகரம் வெட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஏளா, உள்ள இருந்துக்கிட்டு என்ன சிரிப்பு? திரியைக் கொண்டா," என்ற குரல் வந்தது.

ஆழமில்லாத தகரத் தட்டு, ஓரத்தில் மூக்கு, மூக்கில் படுத்த திரி, பிடிக்க ஒரு வளையம். கீழே போட்டால் உடையாது. வாய்க்கால் ஓரக் குடிசைகளில் அது விற்றது. முந்தின வரும்படியில் கால்வாசி கூட இல்லை. ஆனால் பெட்டிக்குள் போன கத்தரிக்கோல் வெளியே வந்தது. "குழந்தை பெறந்த பெறகு பாப்போம்," என்று கங்காணியிடம் தவணை சொன்னார். கொழுந்தனார் தவணை சொல்லவில்லை. மாசி மாதம் ஒரு விடியற்காலை, தலைப்பாகை கட்டிக்கொண்டு, கங்காணி வண்டியில் ஏறிப் போனார். தெருமுனை திரும்பும்வரை எங்களைக் கேலி செய்துகொண்டேதான் போனார்.

அவர் போன பிறகு ஒருநாள் ஏஜெண்டு தானே வில்வண்டியில் வந்தார். முன்னே வண்டி வண்டியாக ஓடின எண்ணெய் ஏன் குறைந்தது என்று பார்க்க வந்திருக்கிறார். நாங்கள் அப்போது கடைக்குக் காலி டின் கேட்கப் போயிருந்தோம். அண்ணாச்சி கண்ணைக் காட்டினார். என் வீட்டுக்காரர் ஒதுங்கி நின்றார், நான் அவர் முதுகுக்குப் பின்னால்.

"என்ன, எண்ணெய் எடுப்பு பாதியா இறங்கிட்டு?" என்றார் ஏஜெண்டு.

"முதலாளி, ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்கப்படாது," என்றார் அண்ணாச்சி. "உங்களுக்கு லாபம் கூட வேணும்னா எண்ணெய் வெலையையே ஏத்தியிருக்கலாமே. விளக்கை எதுக்குத் தலையில கட்டுனிய?"

"எண்ணெயில ஏத்துனா இலுப்பெண்ணெய்க்குப் போயிருவான்னு எனக்குத் தெரியாதா? விளக்கு வேற யாவாரம். அதுல ஒரு லாபம், இதுல ஒரு லாபம்."

"உங்களுக்குத்தான் முதலாளி ரெண்டு யாவாரம். வாங்குத பொம்பளைக்கு முந்தியில இருக்கது ஒரே முடிச்சி. விளக்குக்குக் கூடக் குடுத்தா எண்ணெயில கொறைப்பா. எண்ணெயில ஏத்துனா அகலுக்குப் போவா. அந்த முடிச்சில எவ்வளவு அவிழ்ப்பாளோ அதை நீங்க முன்னமே எண்ணெயிலயே எடுத்துக்கிட்டுதான இருந்திய?"

ஏஜெண்டுக்கு முகம் கறுத்தது. "ஊருக்கு ஊர் விளக்கு இறக்கியாச்சி. இனி என் விளக்குதான், என் எண்ணெய்தான். இஷ்டம்னா எடும்," என்று சொல்லிவிட்டு வண்டியேறினார்.

 அவருக்கு லாபமோ நட்டமோ, சட்டத்தை எடுக்கமாட்டார். அண்ணாச்சி மட்டும் வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் இன்னும் இரண்டு ஊர்க் கடைக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனார். அங்கே வேறொரு கம்பெனி எண்ணெய் இறக்கப் பார்ப்பதாகவும், உள்ளூரில் எடுக்க ஆள் இருக்குமா என்று தயங்குவதாகவும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். விளக்குச் சுமையில் நொந்துபோன கடைக்காரர்கள் தேடிப் போய், நாங்கள் எடுக்கிறோம் என்றால் கம்பெனிக்காரன் விடுவானா? சித்திரை பிறக்கும்போது புது எண்ணெய் வண்டி முக்கூடல் கடைத்தெருவில் நின்றது. விளக்கு எடுக்க வேண்டும் என்று அவன் கேட்கவில்லை.

ஏஜெண்டு இறக்கின சிமினி விளக்குகளிலெல்லாம் அந்தப் புது எண்ணெய்தான் எரிந்தது. பழைய ஏஜெண்டும் விலையை இறக்கினார். டஜன் சட்டத்தைப் பற்றிப் பிறகு பேச்சே இல்லை.

அண்ணாச்சி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு சத்தம் போட்டார். "என்னவே, கொழும்புக்குப் போறேரா, இல்ல கூடையை எடுக்கேரா? குழல் விளக்கு நூறு வேணும். சிமினி கண்ணாடியெல்லாம் ஒவ்வொண்ணா உடையுது, மாத்துக் கண்ணாடி வெலை கேட்டு ஜனம் அலறுது!"

என் வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கி முற்றத்தில் கவிழ்த்தார். மூக்கு விளக்குக்குத் தேவைப்படாமல் அதில் கிடந்த குழல் சுருட்டுகிற இரும்பெல்லாம் கலகலவென்று விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அடுப்பு ஊதுகிறவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அன்றைக்கே கொழுந்தனாருக்குக் கடிதம் போட்டோம், வந்துவிடச் சொல்லி. நான்தான் எழுதினேன். அவர் தோட்டத்தில் வாங்கின முன்பணத்துக்குக் கட்டுப்பட்டவர், நினைத்தபோது வர முடியாதாம். ஒரே ஒரு பதில் வந்தது. "ஊதுபத்தி விளக்கு இப்பம் எரியுதா?" என்று கேட்டிருந்தார். அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை, அவரும் வரவில்லை. ஏஜெண்டுக்கு விளக்கு வியாபாரம் கைக்கு வரவில்லைதான். ஆனால் அவர் முயற்சி செய்த அந்த ஆறு மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரு ஆள் குறைந்தது குறைந்ததுதான்.

முற்றத்தில் இரண்டு பேர் தட்டும் சத்தத்துக்குப் பழகின காது எனக்கு. ஒருவர் தட்டினால் நடுவில் ஒரு இடைவெளி கேட்கும். அந்த மூக்கு விளக்கு ஒன்று மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது.

நாலு டின்னுக்கு ஒரு டஜன் என்பது சரிதானா, ஆறு டின்னா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. புது வண்டி வந்தது சித்திரையா வைகாசியா என்பதும் நிச்சயமில்லை. முக்கூடல் கடைத்தெருவில் அந்தக் காலத்து எண்ணெய்க் கடைக் குடும்பத்தார் யாராவது இருந்தால், என் மகள் விசாரித்துத் திருத்தி எழுதட்டும். கொழும்புப் பக்கம் போகிறவர்கள் யாரையாவது பார்த்தால், தகர வேலை தெரிந்த, ஓயாமல் கேலி பேசுகிற ஒரு முக்கூடல்காரர் அங்கே இருந்தாரா என்பதையும் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.