மூச்சு விட்ட கல்

கடற்கரைக்குப் போன பிள்ளைகள் சிப்பி பொறுக்கும், சங்கு பொறுக்கும். ஏரியூர்ப் பக்கத்துப் புஷ்பமேரி கல் பொறுக்கினாள். அவள் ஊரில் கல்லுக்கா பஞ்சம்? காட்டை உழுதால் கல், கிணறு வெட்டினால் கல். அப்படிப்பட்ட ஊர்ப் பெண் கடல்வரை போய் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தால், பெற்றவள் தலையில் அடித்துக்கொள்ளாமல் என்ன செய்வாள்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது, மே மாத லீவு. மாதா கோயில்காரர்கள் எல்லாரும் சேர்ந்து பஸ் பிடித்து வேளாங்கண்ணிக்குப் போனார்கள். அப்படியே பாம்பனில் கடல்மேல் புதிதாகப் போட்டிருந்த பாலத்தையும் பார்த்துவிடலாம் என்று டிரைவர் ஆசை காட்டினார். அந்தக் கரையில்தான் அது கிடைத்தது. பெரிய மாங்காய் அளவு, சாம்பல் கலந்த வெள்ளை. மேலெல்லாம் நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழிகள், ஒவ்வொரு குழியிலும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லிய தடுப்புகள். உடைந்த பக்கத்தில் பார்த்தால், அந்தக் குழிகளே குழாய்களாக உள்ளே இறங்கின. யாரோ உட்கார்ந்து செதுக்கிய மாதிரி இருந்தது. புஷ்பமேரிக்கு அதை விட மனசில்லை. ஊர் வந்து சேரும்வரை மடியிலேயே வைத்திருந்தாள்.

அம்மா இன்னாசியம்மாள் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சொரசொரன்னு நல்லாத்தான் இருக்குது. குதிகால் தேய்க்க ஆவும்” என்றாள்.

புஷ்பமேரி அழுது பார்த்தாள், நடக்கவில்லை. உப்பு போகட்டும் என்று, பித்தளைக் குடம் விளக்கக் கரைத்து வைத்திருந்த புளித்தண்ணீரில் அம்மா அந்தக் கல்லைப் போட்டாள். போட்ட மாத்திரத்தில் கல்லைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது.

அந்த நேரம் பார்த்து மோர் வாங்க வந்தாள் பக்கத்து வீட்டு ராமக்காள். கையில் இருந்த சொம்பு நழுவி விழுந்தது.

“இன்னாசி, கல்லு மூச்சு வுடுது.”

ராமக்காளுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் ஊருக்குத் தனியாகத் தண்டோரா வேண்டியதில்லை. பொழுது சாய்வதற்குள் கல் கைப்பம்புக்குப் பக்கத்துப் புங்க மரத்தடிக்குப் போய்விட்டது. மஞ்சள் வைத்தார்கள், பூ வைத்தார்கள். புளியைவிட எலுமிச்சம்பழத்துக்கு மூச்சு பலமாக வருகிறது என்று கண்டுபிடித்தவளும் ராமக்காள்தான். பால் கறந்ததும் ஒரு பழம், விளக்கு வைத்ததும் ஒரு பழம். பிழிந்தவுடன் கல் நுரைக்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

புஷ்பமேரியின் அப்பா அல்போன்ஸுக்குத் தர்மசங்கடம். “மாதா கோயிலுக்குப் போய்ட்டு வந்து ஊருக்கு ஒரு சாமியக் குடுத்திருக்கறோம். பங்குச் சாமியார் கேட்டா என்னத்தச் சொல்றது?” என்று மனைவியிடம் முணுமுணுத்தார். ராமக்காள் வருத்தப்படுவாளே என்று வெளியே வாயைத் திறக்கவில்லை.

புஷ்பமேரி தினமும் மரத்தடிக்குப் போய்த் தன் கல்லைப் பார்த்தாள். ஒருநாள் பூவை விலக்கிப் பார்த்தாள். மேல்பக்கத்து நட்சத்திரங்கள் மங்கியிருந்தன. கூரான தடுப்புகள் மழுங்கி, சில இடம் வெறும் வழவழப்பாகவே இருந்தது. இப்படியே பிழிந்துகொண்டிருந்தால் மிச்சமும் போய்விடும்.

அந்த வாரம் கைப்பம்பில் தண்ணீர் ஏன் வரவில்லை என்று பார்க்க, போர்வெல்லுக்கு இடம் குறிக்கும் ஜியாலஜி சார் குப்புராஜ் மோட்டார் சைக்கிளில் வந்தார். கல்லைப் பார்த்ததும் பம்பை மறந்தார். பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணில் ஒட்டிக்கொண்டு மண்டியிட்டார். அவரும் கும்பிடுகிறார் என்று நினைத்து ராமக்காள் மணி அடித்தாள்.

“ஏங்க, இது பவளங்க. கல்லாப் போன பவளம்” என்றார் குப்புராஜ். “ஒவ்வொரு நட்சத்திரத்துலயும் ஒரு சின்ன உயிர் இருந்துச்சு. கடல்ல சவ்வு மாதிரி மெதக்குமே சொறிமீன், அதுக்குச் சொந்தம்னு வெச்சுக்கங்க. கடல் தண்ணியில இருக்கற சுண்ணாம்ப எடுத்துத் தன்னச் சுத்திக் கிண்ணம் மாதிரி கட்டிக்கும். கிண்ணம் உசர உசர, அடியில ஒரு தளத்தப் போட்டுட்டு மேல ஏறி ஒக்காந்துக்கும். பக்கத்துலயே இன்னொண்ணு மொளைக்கும். இப்படிக் கூட்டமா கட்டின குடியிருப்பு இது. அப்புறம் கடல் மட்டம் எறங்கிப் பாறை கரையில நின்னுபோச்சு, உசுருங்க செத்துப்போச்சு. பல ஆயிரம் வருசத்துல சந்துபொந்துல எல்லாம் சுண்ணாம்பு எறங்கிக் கெட்டியாயிடுச்சு. அதான் இந்தக் கனம்.”

“பவளம் செவப்பா இல்ல இருக்கும்?” என்றாள் இன்னாசியம்மாள். அவளுக்கு நகை ஞாபகம்.

“அது வேற சாதிங்க, இதுக்குத் தூரத்துச் சொந்தம்.”

“அப்ப மூச்சு?” என்று ராமக்காள் இடுப்பில் கை வைத்தாள்.

“மூச்சு இல்லைங்க. சுண்ணாம்புல புளிப்பு பட்டா வாயு கெளம்பும். நம்மூர்க் கல்லு வேற மாதிரி, அதுல பழம் பிழிஞ்சா ஒண்ணும் ஆவாது. அதான் நீங்க பாத்ததில்ல. நீங்க பிழியப் பிழிய இது கரையுதுங்க.”

ராமக்காள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். “போன வருசம் எங்க காட்டுல தண்ணி இருக்குன்னு இவரு காட்டின எடத்துல புழுதிதான் வந்துச்சு. இப்ப கல்லுக்குள்ள உசுரு இருந்துச்சுங்கறாரு.”

கூட்டம் சிரித்தது. குப்புராஜ் லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டு பம்பைப் பார்க்கப் போனார்.

ஆனால் புஷ்பமேரி ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். சுண்ணாம்பு. முட்டை ஓடும் சுண்ணாம்புதான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தாள். வீட்டுக் கோழி இட்ட முட்டை ஒன்றைக் கண்ணாடி டம்ளரில் வைத்து, அது முழுகும்வரை எலுமிச்சம்பழம் பிழிந்தாள். முட்டையும் கல்லைப் போலவே நுரைத்தது. மறுநாள் பழைய சாற்றைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிழிந்தாள். ரசம் வைக்கப் பழமில்லை என்று அம்மா போட்ட சத்தம் அவள் காதில் ஏறவே இல்லை.

ஓடு முழுக்கக் கரைந்ததும் முட்டையைக் கழுவி எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு ஓடினாள். ராமக்காள் கையில் அன்றைக்கு நல்ல பெரிய பழம், பாதியாக அறுத்துத் தயாராக இருந்தது.

“அத்தை, செத்த கைய நீட்டுங்க.”

நீட்டிய கையில் முட்டையை வைத்தாள். அது கொழகொழவென்று அமுங்கியது. உள்ளே மஞ்சள்கரு நிழலாடியது. ராமக்காள் வீலென்று கத்தி அதை மடியிலேயே போட்டுக்கொண்டாள். நல்லவேளை, உடையவில்லை.

“என்னடி எழவு இது? தோலு எங்க?”

“இதுவும் உங்க கல்லு மாதிரியே மூச்சு வுட்டுச்சுங்க அத்தை. வுட்டு வுட்டு ஓடே இல்லாமப் போச்சு.” புஷ்பமேரிக்கு அழுகை வந்துவிட்டது. கல்லைத் தூக்கித் திருப்பினாள். “கீழ பாருங்க, பழச்சாறு படாத எடம். எல்லா நட்சத்திரமும் இருக்குது. மேல பாருங்க.”

ராமக்காள் கீழே பார்த்தாள், மேலே பார்த்தாள். விரலால் மேல்பக்கத்தைத் தடவினாள்.

“நானா கண்ணு இதக் கரைச்சேன்?” அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. “நல்லது பண்றதா நெனச்சில்ல பண்ணேன்.”

“தெரிஞ்சா பண்ணீங்க? உடுங்க அத்தை.”

“அப்ப உள்ள ஒருத்தரும் இல்லியா?”

“இல்லைங்க. காலி வூடு.”

“காலி வூட்டுக்கா இத்தன பழம் பிழிஞ்சேன்?” என்று ராமக்காள் அறுத்த பழத்தைப் பார்த்தாள். பிறகு அதை, மகள் பின்னாலேயே வந்து நின்ற இன்னாசியம்மாளிடம் கொடுத்தாள். “ரசத்துக்கு ஆவும். ஆனா ஒண்ணு சொல்லிட்டேன் இன்னாசி. இத்தன உசுரு கட்டின வூட்டுல குதிகாலத் தேச்சன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்.”

இன்னாசியம்மாள் தேய்க்கவில்லை. கல் ஜன்னல் மாடத்துக்கு வந்தது. அல்போன்ஸ் பெருமூச்சு விட்டார். புஷ்பமேரி அன்றைக்குச் சோற்றுத் தட்டோடு ஜன்னலடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் ராமக்காள் வந்தாள். கையில் பழமும் இல்லை, மோர்ச் சொம்பும் இல்லை. ஜன்னலருகே போய் நின்றாள்.

“அதுல யாரும் இல்லைங்களே அத்தை” என்றாள் புஷ்பமேரி.

“தெரியும் கண்ணு. எவ்ளோ அழகாக் கட்டியிருக்குதுங்க, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

புஷ்பமேரி கல்லை எடுத்து, நட்சத்திரம் உள்ள பக்கம் மேலே இருக்கும்படி, அவள் கையில் கொடுத்தாள்.