ஊசியை நிறுத்தச் சொன்னவள்

தெலுங்கு நாட்டில், பாலாநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை ஆஸ்பத்திரியோடு சேர்ந்த நர்ஸிங் பள்ளியில் நான் டியூட்டராக இருந்தேன். வகுப்பில் பன்னிரண்டு பெண்கள். நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதிக்கொள்வார்கள். புரிந்ததா என்று கேட்டால் பன்னிரண்டு தலையும் ஒன்றாக ஆடும். அதை நம்பி நானும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன்.

சர்க்கரை நோயை இரண்டு வகுப்பாகப் பிரித்திருந்தேன். முதல் வகுப்பு, சர்க்கரை திடீரென்று குறைந்துபோனால் வரும் ஆபத்து. ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் நோயாளி மயங்கி விழுவார் என்று சொல்லி, மனதில் நிற்கட்டும் என்று ஒரு வரியும் கொடுத்தேன். 'நோ ஃபுட், நோ இன்சுலின்.' பெண்களுக்கு அது பிடித்துப்போயிற்று. எனக்கும் கொஞ்சம் பெருமைதான். இரண்டாவது வகுப்பு, இன்சுலின் போதாமல் போனால் ரத்தத்தில் அமிலம் ஏறும் கீட்டோஅசிடோசிஸ். காய்ச்சல் வந்தவர் சாப்பிடாவிட்டாலும் ஊசியை நிறுத்தக் கூடாது என்பது அந்த வகுப்பில்தான் வரும். அந்த வாரம் பிள்ளையார் கரைக்கிற விடுமுறை வந்தது. வகுப்பு தள்ளிப்போயிற்று. பெண்கள் மட்டும் அட்டவணைப்படி வெளிநோயாளிப் பிரிவு டூட்டிக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பத்தொன்பது வயது. தொழிற்சாலையின் கடைசல் இயந்திரப் பிரிவில் வேலை செய்யும் ஒருவரின் மகள். குடும்பம் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. இரண்டு வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறவள். உதடு வெடித்து, கண் உள்ளே போய், கூப்பிட்டால் பாதிக் கண் திறந்தாள். மூச்சு மட்டும் ஆழமாக, வேகமாக, ஓடி வந்தவள் மூச்சு மாதிரி போய்க்கொண்டிருந்தது. வாய் அருகே குனிந்தால் அழுகிய பழமும் நெயில் பாலிஷ் கலைக்கும் திரவமும் சேர்ந்த வாடை.

டாக்டர் என்னைப் பார்த்து, உங்கள் பெண்களைக் கூப்பிடுங்கள், இதைப் புத்தகத்தில் காட்ட முடியாது என்றார். பன்னிரண்டு பேரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

இன்சுலின் இல்லாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் உடம்பு பட்டினி கிடக்கும், அதனால் கொழுப்பை எரிக்கும், அதில் வரும் கீட்டோன் ரத்தத்தை அமிலமாக்கும் என்று தொடங்கினேன். அந்த அமிலத்தை வெளியே தள்ளத்தான் இப்படி மூச்சு வாங்குகிறது. மிஞ்சிய சர்க்கரை சிறுநீரோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போவதால்தான் இந்த வறட்சி. ஒரு பெண் சிறுநீரைச் சோதித்துக் காட்டினாள். சர்க்கரை ஏராளம் என்று பெனடிக்ட் கரைசல் செங்கல் நிறமானது. கீட்டோன் சோதனையில் ஊதா வளையம் வந்தது.

எதனால் வந்தது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும், பெரும்பாலும் காய்ச்சல், அல்லது ஊசியை நிறுத்தியது என்று சொல்லிவிட்டு, என் மாணவிகள் கேட்கட்டும் என்றே, கூட வந்திருந்த அவள் அம்மாவிடம் விசாரித்தேன்.

"ரெண்டு நாளா ஜுரம், வாந்தி, சிஸ்டரம்மா. ஒண்ணும் துன்னல. இங்க வந்து கேட்டேன். துன்னலன்னா ஊசி வேணாம்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு."

அவர் கை நீட்டிய இடத்தில் என் மாணவிகளில் ஒருத்தி நின்றாள். ரயில்வே காலனிப் பெண், தமிழ் பேசுகிறவள். தமிழ் என்பதால்தான் அந்த அம்மா அவளைத் தேடிப் போய்க் கேட்டிருக்கிறார். மற்ற பதினொரு பேரும் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். பன்னிரண்டு நோட்டிலும் அந்த வரி இருந்தது.

எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஊசி போட்டு மரத்துப்போன பல் மாதிரி இருந்தது மனசு. பாடத்தைத் தொடர்ந்தேன்.

முதலில் நரம்பில் சலைன், முதல் மணி நேரத்தில் வேகமாக. பிறகு சீக்கிரம் வேலை செய்யும் ப்ளெயின் இன்சுலின், சின்ன அளவில், மணிக்கு மணி. இன்சுலின் வேலை செய்யத் தொடங்கினால் ரத்தத்திலுள்ள பொட்டாசியம் செல்லுக்குள் ஓடிவிடும், இதயம் தடுமாறும். அதனால் ரத்தப் பரிசோதனை முடிவையும் ஈசிஜியையும் பார்த்து, சிறுநீர் போகிறது என்று உறுதியான பிறகு, பொட்டாசியத்தைப் பாட்டிலில் கலந்து மெதுவாகக் கொடுக்க வேண்டும், ஒருபோதும் நேராக நரம்பில் தள்ளக் கூடாது. சர்க்கரை இருநூற்றைம்பதுக்கு இறங்கினால் டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரை நீரைச் சேர்க்க வேண்டும். இன்சுலினை நிறுத்தக் கூடாது, ஏனென்றால் சர்க்கரை இறங்கினாலும் அமிலம் இன்னும் போயிருக்காது. 'நிறுத்தக் கூடாது' என்ற இடத்தில் என் குரல் மாறவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது.

மணிக்கொரு தரம் எழுத வேண்டிய சார்ட்டை அந்த ரயில்வே காலனிப் பெண்ணே கேட்டு வாங்கிக்கொண்டாள். நாடி, ரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, ஏறிய பாட்டில், இறங்கிய சிறுநீர், சர்க்கரை, கூப்பிட்டால் பதில் வருகிறதா, தலைவலி என்கிறாளா. டிரிப் சொட்டுகளைக் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். டூட்டி முடிந்தும் போகவில்லை. சாயங்காலம் நோயாளி தண்ணீர் கேட்டாள். மறுநாள் மூச்சு சாதாரணமானது. ஊதா வளையம் வெளிறி, பிறகு வராமலே போயிற்று.

பிழைத்துவிட்டாள். அதனால் விசாரணை மேட்ரன் அறையோடு நின்றது. மேட்ரன் அந்த மாணவியிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார், நோட்டையும் கொண்டுவரச் சொன்னார். 'என் தவறு' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தாள். நோட்டில் என் வரி இருந்த பக்கம் இல்லை. தையல் ஓரத்தில் கிழிந்த காகித நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நானும் அதைப் பார்த்தேன். பயிற்சி ஆறு மாதம் நீட்டிப்பு, வார்டுக்குப் போகாமல் துணி அறையில் வேலை என்று மேட்ரன் சொன்னார். வாயைத் திறக்காமல் எழுந்து வந்தேன். நான்கு நாள் அப்படியே இருந்தேன். சாப்பிட்டேன், தூங்கினேன், வகுப்பெடுத்தேன். உண்மையை எழுதி மேட்ரன் மேஜையில் வைத்தது ஐந்தாம் நாள் மத்தியானம். அன்று காலையில்தான் அந்த நோயாளி வீட்டுக்குக் கிளம்பினாள்.

அம்மா பையைக் கட்டி முடித்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லன்னா என் பொண்ணு போயிருப்பா, சிஸ்டரம்மா. அந்தப் பொண்ண மட்டும் இனிமே யார்கிட்டயும் விடாதீங்க."

நன்றி சொல்கிற கை சூடாக இருந்தது. அந்தச் சூட்டைத் தாங்க முடியவில்லை.

"அத அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தாம்மா. பாதிதான் சொன்னேன். மீதிய அடுத்த வாரம் சொல்லலாம்னு விட்டுட்டேன்."

கையை எடுத்துக்கொண்டார். திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. அவர் மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப நாளைக்கே ஜுரம் வந்தா ஊசி போடணுமா, வேணாமா? முழுசா சொல்லுங்க. அந்தப் பொண்ணயும் கூப்பிடுங்க, அதுவும் கேக்கட்டும்."

ஆயாவை அனுப்பினேன். துணி அறையிலிருந்து அவள் வந்து கதவருகே நின்றாள். கையில் மடித்து முடிக்காத ஒரு தலையணை உறை.

காய்ச்சல் வந்தாலும், வாந்தி எடுத்தாலும், ஒரு வாய் இறங்காவிட்டாலும் ஊசியை அடியோடு நிறுத்தக் கூடாது என்று தொடங்கினேன். அளவு மாறலாம், அதை டாக்டர் சொல்வார். தண்ணீரும் கஞ்சியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சிறுநீரைச் சோதித்துக்கொண்டே இருங்கள். வாந்தி நிற்காவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, தூங்கிக்கொண்டே இருந்தாலோ உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அந்த அம்மா காத்திருந்தார். கதவருகே அவளும் காத்திருந்தாள். அடுத்த வாரத்துக்கு என்று விட்டிருந்த மீதியையும் சொல்லி முடித்தேன்.